வாழ்த்து மடலும் காணொளிக் குறிப்பும்

ஒரு தலைமுறைக்கு முன்பு பள்ளி ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால் அன்று மாலை அவர் கையில் வந்து சேர்பவை பெரும்பாலும் இவைதான்: ஒரு பொன்னாடை, ஒரு சந்தன மாலை, சுவர்க் கடிகாரமோ குத்துவிளக்கோ ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வாழ்த்து மடல். கடிகாரம் ஓடி நின்றுவிடும். பொன்னாடை பெட்டிக்குள் போய்விடும். வாழ்த்து மடல் மட்டும் வீட்டுக் கூடத்தில், குடும்பப் படங்களுக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

இன்று அந்த இடத்துக்கு ஒரு காணொளி வந்திருக்கிறது. பழைய மாணவர்கள் ஆளுக்கொரு துண்டுப் படம் அனுப்ப, ஒருவர் தொகுக்க, யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். அதன் கீழே டிஸ்கிரிப்ஷன் என்று எல்லோரும் சொல்லும் விவரக் குறிப்புக்கு ஓர் இடம் இருக்கிறது. காணொளிக்கு வாரக்கணக்கில் உழைத்தவர்கள் இந்தக் குறிப்பை ஏற்றுகிற நேரத்தில் நின்றபடியே எழுதிவிடுகிறார்கள். அல்லது பழைய வாழ்த்து மடலின் நடையை அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். இரண்டுமே ஆசிரியருக்குச் செய்யும் குறை என்று நினைக்கிறேன். ஏனென்றால் மடலும் குறிப்பும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

வாழ்த்து மடலைப் பெரும்பாலும் பள்ளியின் தமிழாசிரியர்தான் எழுதுவார். அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. மேலே விழாவின் பெயர், நாள், இடம். பிறகு பத்திக்கு ஒரு விளி: அறிவுச் சுடரே, அன்பின் உறைவிடமே, கடமை தவறாத கண்ணியமே என்று. ஒவ்வொரு விளிக்கும் கீழே நான்கைந்து வரிப் பாராட்டு. கடைசியில் ‘இங்ஙனம், தங்கள் அன்பை மறவாத மாணவர்கள்’ என்று முடியும். அச்சுக்கூடத்தில் வழவழப்பான தாளில் அச்சிட்டு, ஒரு படியைச் சட்டம் போட்டு, மீதியை வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். மேடையில் ஒருவர் அதை உரக்கப் படிப்பார். ஆசிரியர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மடல் அவரை நோக்கிப் பேசியது. முன்னிலையில் பேசியது. அவர் யார், எந்த ஊரில் எத்தனை ஆண்டு இருந்தார், எந்தப் பாடம் எடுத்தார் என்று அது சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரிந்தவர்கள் நடுவே பாராட்டு மட்டும் போதுமாக இருந்தது.

காணொளிக் குறிப்பைப் படிக்கிறவர் அந்த மண்டபத்தில் இருந்தவர் அல்லர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவராக இருக்கலாம். பள்ளியின் பெயரைத் தேடி வந்த ஓர் இளைஞராக இருக்கலாம். பத்து ஆண்டு கழித்துத் தாத்தாவைப் பற்றித் தேடும் பேத்தியாக இருக்கலாம். ‘அறிவுச் சுடரே’ என்ற விளி இவர்கள் யாருக்கும் எதையும் சொல்லாது. இவர்களுக்குப் படர்க்கையில் சொல்ல வேண்டும்: இவர் இன்னார், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, இன்ன பள்ளியில், இப்படிப் பாடம் நடத்தினார். மரியாதை இங்கே விளியில் இல்லை. சொல்லும் செய்தி சரியாக இருப்பதில் இருக்கிறது.

இது நமக்குப் புதிய வழியும் அல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவரிடம் கடைசி ஆண்டுகளில் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்துவிட்ட நிலையில், ஆசிரியர் எந்த ஊரில் இருந்தார், எப்போது எந்த நூலைப் பாடினார், யார் யார் உடன் படித்தார்கள் என்று திரட்டி எழுதினார். நூலின் தலைப்பிலேயே ‘பிள்ளையவர்கள்’ என்றுதான் இருக்கிறது. புகழ்ச்சியும் உள்ளே இருக்கிறது. ஆனால் அது ஊர்கள், ஆட்கள், நிகழ்ச்சிகள் ஆகியவற்றின் மேல் நிற்கிறது. ஆசிரியருக்கு மாணவர் எழுதும் குறிப்புக்கு அதைவிட நல்ல முன்னோடி தமிழில் வேண்டியதில்லை.

நாள்களிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான குறிப்புகள் சறுக்குவது இங்கேதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அரசு உதவி பெறும் பள்ளியின் கணித ஆசிரியர் ஒருவர் 1954 ஆகஸ்ட் 12இல் பிறந்தவர், 1978 ஜூனில் பணியில் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அப்போது ஓய்வு வயது 58. அந்த வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு என்பதால் அவருடைய ஓய்வு நாள் 2012 ஆகஸ்ட் 31. ஆனால் கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு அந்த ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தருவது வழக்கம். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாதே என்பதற்காக. ஆகவே அவர் 2013 மே 31 வரை வகுப்பெடுத்திருப்பார்.

இப்போது விழாக் குழுவில் சண்டை வரும். 2013 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர், “சார்தான் எங்களுக்குக் கடைசி வரைக்கும் நடத்தினார், 2013தான் சரி” என்பார். மகன் ஓய்வூதிய ஆணையைக் காட்டி 2012 என்பார். இரண்டும் சரி. குறிப்பில் ‘2012 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார்; 2013 மே வரை மறுநியமனத்தில் கற்பித்தார்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டால் இருவர் நினைவும் காப்பாற்றப்படும். ‘35 ஆண்டுப் பணி’ என்று மேடையில் சொல்வதும், ‘34 ஆண்டு’ என்று பதிவேடு சொல்வதும் இதே காரணத்தால்தான்.

அண்மையில் ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. எனவே பிறந்த ஆண்டோடு 58ஐக் கூட்டி ஓய்வு ஆண்டைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இனி உதவாது. பிறந்த நாளும் அப்படித்தான். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதிதான் சான்றிதழில் இருக்கிறது. வீட்டில் கொண்டாடும் நாள் வேறு. ஆகவே நாள்களை ஊகிக்காமல் ஆசிரியரிடமே கேட்பதுதான் முறை. பணிப்பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் ஆசிரியர்கள் உண்டு. சேர்ந்த நாள், மாறுதல், பதவி உயர்வு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

மாணவர்கள் சொல்லும் ஆண்டுகளைச் சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தது. அதற்கு முன்பு பள்ளிப் படிப்பு பதினொன்றாம் வகுப்போடு முடிந்தது. பிறகு கல்லூரியில் புகுமுக வகுப்பு. எனவே 1975இல் ‘பதினொன்றாம் வகுப்பு’ என்றால் பள்ளி இறுதித் தேர்வு. 1985இல் அதே சொல் மேல்நிலை முதலாண்டு. ஒருவர் “பதினொன்றில் சாரிடம் படித்தேன்” என்றால் எந்த ஆண்டு என்று கேட்காமல் எழுதக் கூடாது. ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். 1980இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த பள்ளி 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 2020க்குப் பிறகு மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கலாம். பழைய மாணவர் தஞ்சாவூர் என்று தேடுவார், புதியவர் மயிலாடுதுறை என்று தேடுவார். ‘அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், இன்றைய மயிலாடுதுறை மாவட்டம்’ என்று எழுதினால் இருவரும் வந்து சேர்வார்கள்.

நாள்களை எழுதும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் ஒருவர் படத்துக்குக் கீழே இரண்டு ஆண்டுகளைக் கோடிட்டுப் போட்டால் அது தோற்றமும் மறைவும் என்றுதான் கண் படிக்கும். பூப்போட்ட ஓரம், நடுவில் ஆசிரியரின் படம், கீழே ‘1978 – 2013’ என்று தொடங்கும் காணொளியைப் பார்த்துவிட்டு வெளியூரில் இருக்கும் பழைய மாணவர் பதறிப்போய் அழைப்பார். வாழ்கிறவருக்கு ‘ஆசிரியப் பணி: 1978 முதல் 2013 வரை’ என்று சொல்லாகவே எழுத வேண்டும். ‘அஞ்சலி’, ‘நினைவுகளில் வாழும்’, ‘அன்னார்’ போன்ற சொற்களையும் தவிர்க்க வேண்டும். ‘பாராட்டு’, ‘நன்றி’, ‘மாணவர்களின் வணக்கம்’ என்பவை பொருந்தும். படத்துக்கு மாலை போடுவதும் விளக்கேற்றுவதும் வேண்டாம். மாலையை அவர் கழுத்தில் போட்டுப் படம் எடுக்கலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கால விழா மலர்களில் ஆசிரியரின் பிறந்த நாள், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அச்சாகும். அது ஊருக்குள் சில நூறு பேர் கையில் இருந்த மலர். இணையத்தில் அப்படிச் செய்யக் கூடாது. முழுப் பிறந்த தேதி ஓய்வூதியத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் அடையாளமாக இருப்பது. ஓய்வு பெற்றவர்களைத் தொலைபேசியில் ஏமாற்றுகிறவர்களுக்கு அதைத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பிறந்த ஆண்டு போதும். அதுவும் அவர் சம்மதித்தால்தான்.

அடுத்தது நினைவுகள். வாட்ஸ்அப் குழுவில் “சாரைப் பற்றி எழுதி அனுப்புங்கள்” என்று கேட்டால் வருவதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: அன்பானவர், கண்டிப்பானவர், எங்கள் வாழ்க்கையில் விளக்கேற்றியவர். இது மாணவர்களின் குறை அல்ல, கேள்வியின் குறை. எங்கள் கணித ஆசிரியருக்காக நாங்கள் திரட்டியபோது கேள்வியை மாற்றினோம். “சார் வகுப்பில் அடிக்கடி செய்யும் ஒரு காரியம் என்ன?” என்று கேட்டோம். எழுதத் தயங்கியவர்கள் குரல்பதிவாக அனுப்பினார்கள்.

அப்படி வந்ததில் ஒன்று எல்லா ஆண்டுக்காரர்களிடமிருந்தும் வந்தது. விடைத்தாள் திருத்தும்போது தவறான கணக்கை அவர் முழுதாக அடிக்கமாட்டார். மாணவர் எந்த வரி வரைக்கும் சரியாக வந்திருக்கிறாரோ அந்த வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு சிறு கோடு போடுவார். ‘இதுவரை சரி’ என்று எழுதுவார். அதுவரைக்கும் மதிப்பெண் தருவார். தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே மட்டும் மறுபடி செய்யச் சொல்வார். “முதல்லேர்ந்து போடாதே, வழி தவறின இடத்திலேர்ந்து நட” என்பாராம். 1980களில் படித்தவரும் 2010இல் படித்தவரும் இதையே சொன்னார்கள். கணக்கு வராது என்று தன்னைப் பற்றி முடிவு கட்டிக்கொண்ட பிள்ளைக்கு, தான் பாதி வழி சரியாக வந்திருக்கிறோம் என்று அந்தக் கோடு காட்டியிருக்கிறது. ‘பொறுமையின் சிகரம்’ என்று எழுதியிருந்தால் இதில் ஒரு துளியும் வந்திருக்காது. குறிப்பில் இந்த ஒரு நினைவை நான்கு வரியில் எழுதினோம். மற்ற நினைவுகளைக் காணொளியில் அவரவர் வாயால் சொல்ல விட்டோம்.

வெளியில் சொல்லத் தகாத நினைவுகளும் வரும். மேடையில் “சார் அடிச்ச அடிதான் என்னை ஆளாக்கிச்சு” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அன்று மண்டபம் கைதட்டியது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்துவிட்டது. இன்று அதே வரியைப் படிக்கும் அயலார் அதில் அன்பைப் பார்க்கமாட்டார், அடியைத்தான் பார்ப்பார். பிரம்புக்குப் பின்னால் ஆசிரியர் மாலையில் வீட்டுக்கு வந்து விசாரித்தது, விட்ட பாடத்தை உட்காரவைத்து நடத்தியது என்று ஏதாவது இருக்கும். அதை எழுதலாம். பட்டப்பெயர்களையும் எழுதக் கூடாது. மாணவர்கள் செல்லமாக வைத்ததாகவே இருந்தாலும் ஆசிரியர் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்பது நமக்குத் தெரியாது.

இன்னும் நுட்பமான ஒன்று, ஆசிரியர் செய்த பண உதவி. தேர்வுக் கட்டணம் கட்டினார், சட்டை வாங்கிக் கொடுத்தார் என்று வகுப்புத் தோழர்கள் ஆர்வத்தோடு சொல்வார்கள். அந்த நினைவு உதவி பெற்றவருக்கு உரியது. அவர் தாமே முன்வந்து சொன்னால் ஒழிய, அவர் பெயரும் ஊரும் ஆண்டும் குறிப்பில் வரக் கூடாது. ‘தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத மாணவர்களுக்குத் தாமே கட்டினார்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் ஆசிரியரின் கொடையும் தெரியும், மாணவரின் மானமும் நிற்கும்.

மரியாதைச் சொல்லில் ஒரே சீர் வேண்டும். முதல் முறை பெயர் வரும்போது ‘திரு.’ முன்னும் ‘அவர்கள்’ பின்னும் வரட்டும். பிறகு ‘ஐயா’ என்றோ ‘ஆசிரியர்’ என்றோ ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை அதையே எழுத வேண்டும். ‘கற்பித்தார்’ என்று தொடங்கிவிட்டு நடுவில் ‘கற்பித்தார்கள்’ என்று மாறக் கூடாது. மாணவர் பேச்சை அப்படியே தரும் இடத்தில் ‘சார்’, ‘டீச்சர்’, ‘மிஸ்’ என்றே இருக்கட்டும். பிள்ளைகள் அழைத்த பெயர் அதுதானே. பெண் ஆசிரியராக இருந்தால் ஆசிரியை என்று எழுதுவதா, ஆசிரியர் என்று எழுதுவதா என்று அவரையே கேட்டுவிடலாம். பெயரின் தலைப்பெழுத்தை அவர் எப்படி எழுதுவாரோ அப்படியே எழுத வேண்டும். பலர் பள்ளிப் பதிவில் ‘கே.’ என்றும் கையெழுத்தில் ‘கா.’ என்றும் வைத்திருப்பார்கள்.

இனி யூடியூபின் கட்டுப்பாடுகள். தலைப்புக்கு 100 எழுத்துகள்தான் இடம். நாம் எண்ணுவது போல் கணினி எண்ணுவதில்லை. ‘ஆசிரியர்’ நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் எட்டு. அதனால் தமிழில் தலைப்புச் சீக்கிரம் நிரம்பிவிடும். பெயர், பாடம், பள்ளி, ஊர் என்ற நான்கும் இருந்தால் போதும். குறிப்பில் முதல் இரண்டு மூன்று வரிகள்தான் திறந்தவுடன் தெரியும். மீதி, தட்டினால்தான் விரியும். எனவே வாழ்த்துரையை முதலில் வைத்தால் ஆசிரியர் யார் என்பதே மறைந்துவிடும். காணொளி நீளமாக இருந்தால் நேரக் குறிகள் சேர்க்கலாம். அவை 0:00இல் தொடங்க வேண்டும், மூன்றாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. அப்படி இருந்தால்தான் காணொளி பகுதிகளாகப் பிரிந்து தெரியும்.

மேலே கணக்குப் போட்ட நாள்களையும் எங்கள் ஆசிரியரின் நினைவையும் சேர்த்து எழுதினால் குறிப்பு இப்படி இருக்கலாம்:

கணித ஆசிரியர் திரு. (பெயர்) அவர்கள் 1978 முதல் 2013 வரை (பள்ளி), (ஊர்) பள்ளியில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கணிதம் கற்பித்தார். அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், இன்றைய மயிலாடுதுறை மாவட்டம்.

ஐயா 1978 ஜூனில் பணியில் சேர்ந்து 2012 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார். 2013 மே வரை மறுநியமனத்தில் பணியாற்றினார். விடைத்தாளில் தவறிய கணக்கை அடிக்காமல், சரியாக வந்த வரி வரை கோடிட்டு ‘இதுவரை சரி’ என்று எழுதுவது ஐயாவின் வழக்கம். பல ஆண்டு மாணவர்கள் இதில் அந்த நினைவைப் பகிர்கிறார்கள்.

0:00 பள்ளியும் வகுப்பறையும்
1:20 1980களின் மாணவர்கள்
6:45 1990களும் அதற்குப் பின்னும்
12:10 ஐயா பேசுகிறார்

ஐயாவின் ஒப்புதலுடன் முன்னாள் மாணவர்கள் வெளியிடுவது.

இதில் உவமை ஒன்றும் இல்லை. ஆனாலும் படிக்கிற அயலார் அந்த ஆசிரியரை அறிந்துகொள்வார். பெயரை எடுத்துவிட்டு வேறோர் ஆசிரியரின் பெயரைப் போட்டால் இந்தக் குறிப்பு பொருந்தாது. பழைய மடல்களில் பெயரை மாற்றிவிட்டு அடுத்த ஆண்டு விழாவுக்கும் அச்சடிக்க முடிந்தது.

மடலில் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. அதை அவர் காதால் கேட்டார். தம் முன்னால், தம் மாணவர் குரலில், நின்று படிக்கக் கேட்டார். காணொளி ஏறிய பிறகு இணைப்பை அனுப்பி “பாருங்க சார்” என்று சொல்வது அதற்கு ஈடாகாது. ஏற்றும் முன்பு இரண்டு பேராவது வீட்டுக்குப் போய்க் குறிப்பை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் ஒரு தேதியைத் திருத்துவார். ஒரு வரி வேண்டாம் என்பார். உடன் பணியாற்றிய ஒருவரின் பெயரைச் சேர்க்கச் சொல்வார். சாமிநாதையர் ஆசிரியர் மறைந்த பிறகு விசாரித்துத் திரட்ட வேண்டியிருந்ததை நாம் ஆசிரியரிடமே கேட்டுப் பெறலாம்.

சட்டம் போட்ட மடலில் ஒரு பிழை இருந்தால் அது இருந்ததுதான். காணொளிக் குறிப்பைத் திருத்தலாம். வெளியான சில மாதங்களில் விடுபட்ட ஆண்டுக்காரர்கள் எழுதுவார்கள். இன்னொரு பள்ளியில் ஓராண்டு மாற்றுப்பணியில் இருந்த செய்தி வரும். அவற்றை ஆசிரியரிடம் உறுதிசெய்து, கீழே ‘சேர்த்த நாள்’ என்று தேதியிட்டு எழுதலாம். அதற்காகக் குழுவில் ஒருவர் கணக்கின் கடவுச்சொல்லையும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் யார் என்பதை விழா முடிந்து எல்லோரும் கலையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.